ஓடிபி யாரோட போனுக்கு வரும்?

“ஜிஎஸ்டி ரிட்டர்ன் எல்லாம் நீங்கதான் ஃபைல் பண்ணுனீங்களாம்மா?”

“ஆமாங்க சார். மூணு வருஷமா நான்தான்.”

“ஓடிபி யாரோட போனுக்கு வரும்?”

“முதலாளி போனுக்குங்க சார். அவங்க ஆடிட்டர் ஆபீஸுக்குச் சொல்லிருவாங்க.”

“அப்ப ஃபைல் பண்ணுனது யாரு?”

“ஆடிட்டர் ஆபீஸ்லங்க சார்…”

திருப்பூர்ப் பக்கம் அக்கவுன்டன்ட் வேலைக்கு இன்டர்வியூ நடத்தும் எவருக்கும் இந்த உரையாடல் புதிதல்ல. அந்தக் கடைசிப் பதிலைச் சொல்லும்போது எதிரே இருப்பவரின் முகம் வாடிவிடும். பொய் சொல்லி மாட்டிக்கொண்டதாக நினைத்துக்கொள்வார். உண்மையில் அவர் பொய் சொல்லவில்லை. மாதம் முழுக்க பில்களைப் பதிவுசெய்தது, வரித்தொகையைக் கூட்டியது, வித்தியாசத்தைத் தேடியது எல்லாம் அவர்தான். கடைசிப் பொத்தானை மட்டும் வேறொருவர் அழுத்தினார். ஆனால் பயோடேட்டாவில் இருப்பதோ, ‘ஜிஎஸ்டி ஃபைலிங், டிடிஎஸ், ஆடிட், மந்த் எண்ட் குளோசிங், டேலி’ என்று ஒரே வரி. செய்த வேலை எதுவும் அதில் இல்லை. செய்யாத ஒன்று மட்டும் இருக்கிறது.

அக்கவுன்டன்ட் பயோடேட்டாக்களை நான் பல ஆண்டுகளாகப் படித்துவருகிறேன். நல்ல வேலைக்காரர்கள் பலர் இந்த ஒரே வரியால் கழிந்துபோவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. அதனால் அந்த வரியைப் பிரித்து எழுதிப் பார்ப்போம். அதற்காக ஒரு எடுத்துக்காட்டை நானே அமைத்துக்கொள்கிறேன். ஆண்டுக்குச் சுமார் 12 கோடி ரூபாய் விற்றுமுதல் உள்ள ஒரு பனியன் கம்பெனி. கூட்டாண்மை நிறுவனம். அங்கே மூன்றாண்டு வேலை பார்த்த ஒரு பி.காம். பட்டதாரிப் பெண். நாம் பார்க்கப்போவது 2024 அக்டோபர் மாதக் கணக்கு. தொகைகள் விளக்கத்துக்காக நான் போட்டவை. சட்டமும் தேதிகளும் உள்ளபடியே.

45,000 ரூபாய் எங்கே போனது?

விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியதால் இந்தக் கம்பெனிக்கு மாதாந்திர ரிட்டர்ன். விற்பனை விவரங்கள் அடங்கிய ஜிஎஸ்டிஆர்-1 அடுத்த மாதம் 11ஆம் தேதிக்குள் போக வேண்டும். வரி கட்டும் 3பி, 20ஆம் தேதிக்குள். நடுவே 14ஆம் தேதி 2பி வரும். நமக்குச் சரக்கு விற்றவர்கள் தங்கள் ரிட்டர்னில் நம் பெயரில் எவ்வளவு வரி காட்டியிருக்கிறார்கள் என்ற பட்டியல் அது. நம் டேலியில் இருக்கும் வரவு வரி, இந்தப் பட்டியலிலும் இருந்தால்தான் எடுத்துக்கொள்ள முடியும். 2022 ஜனவரி 1 முதல் சட்டம் அப்படி.

ஆகவே 14க்கும் 20க்கும் இடைப்பட்ட ஆறு நாட்கள்தான் ஜிஎஸ்டி தெரிந்தவரையும் தெரியாதவரையும் பிரித்துக் காட்டுகின்றன. நம் எடுத்துக்காட்டில் அக்டோபர் மாதத்துக்கு டேலியில் வரவு வரி 6,42,000 ரூபாய். 2பி பட்டியலில் 5,97,000. வித்தியாசம் 45,000.

அந்தப் பெண் உட்கார்ந்து பில் பில்லாக ஒப்பிடுகிறார். 27,000 ரூபாய், ஒரு சிறிய சப்ளையருடையது. அவர் காலாண்டுக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடுபவர். அக்டோபர் பில்லை இன்னும் ஏற்றவில்லை. இந்த வரி பிறகு வரும். இப்போது எடுக்கக் கூடாது. தனியே குறித்துவைத்து அடுத்த பட்டியல்களில் தேட வேண்டும். 12,600 ரூபாய், சப்ளையர் நம் ஜிஎஸ்டி எண்ணுக்குப் பதிலாக வேறொருவர் எண்ணைப் போட்டதால் அவர் கணக்கில் போயிருக்கிறது. சப்ளையரைக் கூப்பிட்டுத் திருத்தச் சொல்ல வேண்டும். சொன்னதோடு விட்டுவிடாமல், திருத்தினாரா என்று அடுத்த மாதம் பார்க்கவும் வேண்டும். இந்த நிதியாண்டுக்கான வரவு வரியை எடுக்க 2025 நவம்பர் 30 வரைதான் அவகாசம். ஆண்டு ரிட்டர்னை அதற்கு முன்பே போட்டுவிட்டால் அன்றோடு முடிந்தது.

மிச்சம் 5,400. இதுதான் சுவாரசியமானது. ஒரு நூல் மில்லின் பில். லாரியோடு வந்த நகலை வைத்து ஒருமுறை பதிவாகியிருக்கிறது. நான்கு நாள் கழித்து ஈமெயிலில் வந்த அதே பில்லை இன்னொருவர் மறுபடியும் ஏற்றியிருக்கிறார். முதல் பதிவில் பில் எண் ‘1187’, இரண்டாவதில் அதே எண்ணுக்கு முன்னால் மில்லின் குறியீட்டெழுத்துகளும் சேர்ந்திருக்கின்றன. எண் வேறுபட்டதால் டேலி தடுக்கவில்லை.

பருத்தி நூலுக்கு வரி 5 சதவீதம். அப்படியானால் இரட்டிப்பாக ஏறிய கொள்முதல் 1,08,000 ரூபாய். வரியோடு சேர்த்து அந்த மில்லுக்கு நாம் தர வேண்டிய பாக்கி 1,13,400 கூடுதலாகத் தெரியும். யாரும் கவனிக்காவிட்டால் இரண்டு முறை பணம் போயிருக்கும். பதிவு செய்யும்போது நூலின் எடையையும் ஏற்றியிருந்தால் லாபத்தில் மாற்றம் தெரியாது, ஏனென்றால் கொள்முதல் கூடிய அளவுக்கு ஸ்டாக்கும் கூடிவிடும். ஆனால் குடோனில் இல்லாத நூல் ஏட்டில் மட்டும் இருக்கும். எடை ஏற்றாமல் தொகை மட்டும் ஏறியிருந்தால் அக்டோபர் லாபம் 1,08,000 ரூபாய் குறைந்துபோகும்.

இந்த 5,400 ரூபாயைக் கண்டுபிடித்த கதையை இன்டர்வியூவில் சொல்லத் தெரிந்த பெண்ணை எந்தக் கம்பெனியும் விடாது. ஆனால் பயோடேட்டாவில் அதற்கு இடமே இல்லை. ‘ஜிஎஸ்டி ஃபைலிங்’ என்ற இரண்டு சொற்களுக்குள் அது புதைந்துகிடக்கிறது. அதை இப்படி மாற்றலாம்:

‘மாதம் சுமார் 250 கொள்முதல் பில்களை 2பி பட்டியலோடு ஒப்பிட்டு, வித்தியாசப் பட்டியலும் 3பி வரைவும் தயாரித்தேன். சரிபார்த்துத் தாக்கல் செய்தது ஆடிட்டர் அலுவலகம்.’

கடைசி வாக்கியத்தைப் பலர் எழுதத் தயங்குவார்கள். எழுத வேண்டும் என்பதே என் கருத்து. ஓடிபி கேள்வி அதன் பிறகு எழவே எழாது. பிரைவேட் லிமிடெட் கம்பெனிகளில் தாக்கலுக்கு டைரக்டர் அல்லது அங்கீகாரம் பெற்றவரின் டிஜிட்டல் கையெழுத்து வேண்டும். அங்கேயும் அக்கவுன்டன்ட் ‘நானே ஃபைல் செய்தேன்’ என்று எழுதினால், “முதலாளியோட டிஜிட்டல் சாவி உங்ககிட்டயா இருந்துச்சு?” என்ற கேள்விதான் வரும். அதற்கு ‘ஆமாம்’ என்று சொன்னால் இன்னும் சங்கடம்.

அஞ்சாம் தேதி முடித்த கணக்கு

மந்த் எண்ட் குளோசிங் என்பதை ‘மாசக் கடைசியில் டிரையல் பேலன்ஸ் எடுப்பது’ என்று புரிந்துவைத்திருப்பவர்கள் அதிகம். டிரையல் பேலன்ஸ் டேலியில் எந்த நிமிடமும் வரும். பற்றும் வரவும் எப்போதும் சமமாகத்தான் இருக்கும். அந்த மாதத்துச் செலவெல்லாம் அந்த மாதத்தில்தான் இருக்கிறதா என்பதே கேள்வி.

நம் கம்பெனியின் துணி அக்டோபரில் ஒரு டையிங் யூனிட்டில் சாயமேறித் திரும்பி வந்திருக்கிறது. 2,000 கிலோ, கிலோவுக்கு 90 ரூபாய். டையிங் பில் வந்ததோ நவம்பர் 6. கணக்கை 5ஆம் தேதியே முடிக்க வேண்டும். பில் வரவில்லை என்று விட்டுவிட்டால் அக்டோபர் லாபம் 1,80,000 ரூபாய் கூடுதலாகவும், நவம்பர் லாபம் அதே அளவு குறைவாகவும் தெரியும். அக்டோபர் ஆர்டரில் நல்ல லாபம் என்று நினைத்து முதலாளி அதே விலைக்கு அடுத்த ஆர்டரையும் பிடித்துவிடுவார்.

தேர்ந்த அக்கவுன்டன்ட் பில்லுக்குக் காத்திருக்க மாட்டார். துணி திரும்பி வந்த டெலிவரி சலான்களை எடுத்து, எடையைக் கூட்டி, பேசிய விலையால் பெருக்கி, அக்டோபர் 31 தேதியிட்டு ஒரு ஜர்னல் போடுவார். டேலியில் F7. டையிங் கூலி பற்று 1,80,000. எதிரே டையிங் யூனிட்டுக்குத் தர வேண்டியது வரவு.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. ஒப்பந்தக் கூலிக்கு டிடிஎஸ் பிடிக்க வேண்டிய நேரம், பணம் கொடுக்கும் நாள் அல்லது கணக்கில் வரவு வைக்கும் நாள், இரண்டில் எது முந்தியோ அது. வேறு பெயரிலுள்ள கணக்கில் வரவு வைத்தாலும் பார்ட்டி கணக்கில் வைத்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆகவே அக்டோபர் 31 அன்றே 2 சதவீதம், அதாவது 3,600 ரூபாய் பிடித்தாக வேண்டும். நவம்பர் 7க்குள் கட்டியாக வேண்டும். பில் வந்த பிறகு மறுபடி பிடித்துவிடவும் கூடாது.

அதை நவம்பர் 8ஆம் தேதி, ஒரே ஒரு நாள் தாமதமாகக் கட்டினால்? வட்டி மாதத்துக்கு 1.5 சதவீதம். மாதத்தில் ஒரு பகுதியானாலும் முழு மாதம். பிடித்த நாளிலிருந்து எண்ணுவதால் அக்டோபர் ஒன்று, நவம்பர் ஒன்று என இரண்டு மாதங்களாகக் கணக்கிடப்படுகிறது. 3 சதவீதம், 108 ரூபாய். தொகை சிறியதுதான். ஆனால் “ஒரு நாள் லேட்டானால் எவ்வளவு வட்டி?” என்று கேட்டு, ‘ஒன்றரை சதவீதம்’ என்ற பதில் வந்தால், அவர் கையால் சலான் போட்டதில்லை என்று ஓரளவு யூகித்துவிடலாம். ‘மூணு சதவீதம்ங்க சார், ரெண்டு மாசம் ஆயிரும்’ என்று சொல்பவர் ஒருமுறையாவது அனுபவப்பட்டிருப்பார்.

‘ஐந்தாம் தேதிக்குள் குளோஸ் செய்தேன்’ என்று பயோடேட்டாவில் எழுதுபவரிடம் நான் விரும்பிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ஐந்தாம் தேதி எடுத்த லாப நட்டக் கணக்கு, இரண்டு மாதம் கழித்து அதே மாதத்துக்கு மறுபடி எடுத்தபோது எவ்வளவு மாறியிருந்தது? கொஞ்சம் மாறத்தான் செய்யும். மின்கட்டணத்தை 62,000 என்று அனுமானித்திருப்பார்கள், 64,300 வந்திருக்கும். அதை வந்த மாதத்தில் சரிசெய்வார்கள். ஆனால் லாபமே தலைகீழாக மாறியிருந்தால் அன்று கணக்கு முடியவில்லை. யாரோ பின்தேதியிட்டுப் பதிவுகளைப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். சஸ்பென்ஸ் கணக்கில் தொகை தேங்கிக் கிடப்பதும், கேஷ் லெட்ஜர் ஏதோவொரு நாளில் மைனஸில் போயிருப்பதும் இதே நோயின் அறிகுறிகள். பெட்டியில் இல்லாத பணத்தைச் செலவழிக்க யாராலும் முடியாது.

ஆடிட்: மேசையின் எந்தப் பக்கம்?

‘ஆடிட் அனுபவம் உண்டு’ என்ற வரிக்கு இரண்டு அர்த்தங்கள். ஆடிட்டர் அலுவலகத்தில் இருந்துகொண்டு பல கம்பெனிகளின் வவுச்சர்களைச் சரிபார்த்தது ஒன்று. கம்பெனியில் இருந்துகொண்டு, வந்த ஆடிட்டரின் கேள்விகளுக்குப் பதில் தேடிக்கொடுத்தது இன்னொன்று. இரண்டும் மதிப்புள்ள வேலைகள். ஆனால் வெவ்வேறு வேலைகள். எந்தப் பக்கம் என்று எழுதாவிட்டால் படிப்பவர் தனக்குத் தோன்றியதை எடுத்துக்கொள்வார்.

இன்னொரு பிழை அடிக்கடி கண்ணில் படுகிறது. ‘2023–24 ஜிஎஸ்டி ஆடிட் செய்தேன்’ என்று எழுதிவிடுகிறார்கள். ஜிஎஸ்டியில் பட்டயக் கணக்காளர் சான்றளிக்கும் தணிக்கை 2020–21 நிதியாண்டிலிருந்து இல்லை. 9சி படிவத்தை இப்போது நிறுவனமே சுயசான்றோடு தாக்கல் செய்கிறது. ஜிஎஸ்டி துறை நேரடியாக வந்து செய்யும் தணிக்கை உண்டு. அதற்குப் பதில் தயாரித்தவரானால் ‘துறைத் தணிக்கைக்கு ஆவணங்கள் கொடுத்தேன்’ என்று எழுதலாம். அது பெரிய அனுபவம். அதைத் தவறான பெயரில் எழுதிக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

நம் எடுத்துக்காட்டுக் கம்பெனியின் விற்றுமுதல் 10 கோடிக்கு மேல். ஆகவே வருமான வரிச் சட்டத்தின்படி வரித் தணிக்கை கட்டாயம். அங்கே அக்கவுன்டன்ட் தயாரிக்க வேண்டிய பட்டியல்களில், கடந்த சில ஆண்டுகளாக அதிகத் தலைவலி தருவது சிறு குறு நிறுவனங்களுக்கான பாக்கிப் பட்டியல். 2023–24 நிதியாண்டிலிருந்து வந்த விதி இது. குறு, சிறு உற்பத்தியாளருக்கும் சேவை நிறுவனத்துக்கும் எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளுக்குள், இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும். அந்தக் கெடு கடந்து மார்ச் 31 அன்றும் பாக்கி நின்றால், அந்தச் செலவை அந்த ஆண்டில் கழிக்க முடியாது. பணம் கொடுத்த ஆண்டில்தான் கழிக்கலாம்.

அட்டைப்பெட்டி தயாரிக்கும் ஒரு குறு நிறுவனத்திடம் 2025 பிப்ரவரி 10 அன்று பெட்டிகள் வாங்கியிருக்கிறார்கள். வரி நீங்கலாக 2,40,000 ரூபாய். ஒப்பந்தம் எதுவும் இல்லை. பணம் கொடுத்தது ஏப்ரல் 20. கெடு பிப்ரவரியிலேயே முடிந்துவிட்டது. மார்ச் 31 அன்று பாக்கியும் நிற்கிறது. ஆகவே 2024–25 ஆண்டின் வருமானத்தில் இந்த 2,40,000 கூட்டப்படும். கூட்டாண்மை நிறுவனத்துக்கு வரி 30 சதவீதம், அதன் மேல் 4 சதவீதம் செஸ். சர்சார்ஜ் இல்லாத நிலையிலேயே 74,880 ரூபாய் அந்த ஆண்டில் கூடுதலாகக் கட்ட வேண்டும். அதே நிறுவனத்திடம் மார்ச் 25 அன்று வாங்கி ஏப்ரல் 5 அன்று பணம் கொடுத்த இன்னொரு பில்லுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அது 15 நாளுக்குள் தீர்ந்துவிட்டது.

இதைக் கண்டுபிடிக்க ஆடிட்டர் செப்டம்பரில் வரும்வரை காத்திருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. எல்லா சப்ளையர்களிடமும் உத்யம் சான்றிதழ் வாங்கி, உற்பத்தியாளரா, வெறும் வியாபாரியா என்று பிரித்து (வாங்கி விற்கும் வியாபாரிக்கு இந்தக் கெடு பொருந்தாது), டேலியில் பில் வாரியாகப் பாக்கியைப் பிப்ரவரி, மார்ச்சிலேயே எடுத்து முதலாளியின் மேசையில் வைத்தவர்தான் அந்த வரியை மிச்சப்படுத்தியவர். பயோடேட்டாவில் ‘டாக்ஸ் ஆடிட்’ என்று எழுதுவதைவிட, ‘சுமார் 180 சப்ளையர்களின் உத்யம் நிலையைத் திரட்டி, மார்ச் மாதத்துக்குள் கெடு கடந்த பாக்கிப் பட்டியல் கொடுத்தேன், வரித் தணிக்கைக்கான இணைப்புகளைத் தயாரித்தேன்’ என்று எழுதினால், படிப்பவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்காருவார்.

பிரிவு எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. ‘194சி, 194ஜே தெரியும்’ என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. 1961ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருகிறது. பிரிவு எண்களெல்லாம் மாறுகின்றன. ‘ஒப்பந்தக் கூலி, வாடகை, தொழில்முறைக் கட்டணம் ஆகியவற்றுக்கு டிடிஎஸ்’ என்று பணத்தின் தன்மையை எழுதினால் எண் மாறினாலும் எழுதியது நிற்கும்.

டேலி தெரியும் என்றால்?

டேலி 1986இல் பெங்களூருவில் கோயங்கா குடும்பத்தின் தயாரிப்பாகத் தொடங்கியது. நம் ஊரில் கணக்கு மென்பொருள் என்றாலே டேலி என்றாகிவிட்டது. ஆகவே ‘டேலி தெரியும்’ என்பது ஓட்டுநர் ஒருவர் ‘ஸ்டியரிங் பிடிக்கத் தெரியும்’ என்று சொல்வது போலத்தான். எந்தப் பதிப்பு, மாதம் எத்தனை வவுச்சர், எத்தனை பேர் சேர்ந்து பதிவிட்டீர்கள், பில் வாரியாகப் பாக்கி வைத்தீர்களா, ஸ்டாக்கும் சேர்த்தா இல்லை கணக்கு மட்டுமா என்று எழுதினால்தான் அந்த வரியில் விஷயம் இருக்கும்.

கூட்டாண்மை நிறுவனத்திலிருந்து பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்கு மாற விரும்புபவர்களுக்கு இன்னொன்றும் முக்கியம். 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருள், யார் எந்தப் பதிவை எப்போது மாற்றினார் என்ற தடத்தை வைத்திருக்க வேண்டும். அதை அணைக்கவும் முடியக் கூடாது. டேலி பிரைமின் எடிட் லாக் பதிப்பு அதற்குத்தான். பழைய பழக்கத்தில், தவறான வவுச்சரை ஓசையில்லாமல் அழித்துவிட்டுப் புதிதாகப் போடுபவருக்கு அங்கே சிரமம். இரட்டிப்பாக ஏறிய அந்த நூல் பில்லை எப்படிச் சரிசெய்வீர்கள் என்று கேட்டால், ‘அழிச்சிருவேன்’ என்று நிறுத்திக்கொள்ளாமல், ‘காரணத்தை எழுதி, மேலே இருப்பவரிடம் காட்டிவிட்டு ரத்து செய்வேன்; கணக்கு முடித்த மாதமாக இருந்தால் நடப்பு மாதத்தில் எதிர்ப்பதிவு போடுவேன்’ என்று சொல்ல வேண்டும்.

எழுதக் கூடாதவையும் உண்டு. பழைய கம்பெனியின் துல்லியமான விற்றுமுதல், லாபம், வாடிக்கையாளர் பெயர்கள், கிலோவுக்கு என்ன விலை என்பதெல்லாம் அந்த முதலாளியின் ரகசியம். ‘10 முதல் 15 கோடி விற்றுமுதல் கொண்ட பின்னலாடை நிறுவனம்’ என்பது போதும். முன்னாள் முதலாளியின் கணக்கைப் பயோடேட்டாவில் பரப்பிவைப்பவரிடம் தன் கணக்கை யார் கொடுப்பார்கள்?

இவ்வளவையும் எழுதினாலும் அந்தப் பெண்ணின் பயோடேட்டா ஒரே பக்கத்தில் அடங்கிவிடும். மேலே படிப்பும் முகவரியும். அதன் கீழே அனுபவம், நான்கைந்து வரிகளில்: மாதம் எத்தனை பில்கள், 2பி ஒப்பீடு, டிடிஎஸ் பிடித்து 7ஆம் தேதிக்குள் கட்டிய வேலை, ஐந்தாம் தேதிக் கணக்கு முடிப்பு, தணிக்கைக்குத் தயாரித்த பட்டியல்கள். ஒவ்வொன்றின் முடிவிலும் தன் வேலை எங்கே நின்றது, யார் சரிபார்த்தார் என்ற சிறு குறிப்பு. அந்தத் தாளோடு அவர் மறுபடி ஓர் இன்டர்வியூவுக்குப் போனால் பேச்சு இப்படித்தான் தொடங்கும்:

“வித்தியாசப் பட்டியல் போட்டேன்னு எழுதியிருக்கீங்களேம்மா, கடைசியா என்ன வித்தியாசம் வந்துச்சு?”

“நாப்பத்தஞ்சாயிரம்ங்க சார். அதுல அஞ்சாயிரத்து நானூறு எங்க தப்பு…”